கேஸ் வாடை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

சமையலறையில் கேஸ் வாடை அடித்தால் பல வீடுகளில் உடனே யாராவது ஒருவர் லைட்டைப் போட்டுப் பார்ப்பார். இன்னொருவர் வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டிவிடுவார். இரண்டு பேருமே நல்லது நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால், கசிந்து கிடக்கும் வாயுவைத் தீயாக மாற்றுவது பெரும்பாலும் இதுபோன்ற ஒரு சுவிட்சுதான். வாடை வந்த முதல் சில நிமிடங்களில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, அந்த நிலையே வராமல் இருக்க வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பது குறித்து வீடுகளில் வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தரப்படுகிறது.

சந்தேகம்: ‘சிலிண்டர் வெடித்தது’ என்று அடிக்கடிச் செய்தி வருகிறது. சிலிண்டர் தானாக வெடிக்குமா?

விளக்கம்: நல்ல நிலையில் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர் தானாக வெடிப்பதில்லை. விபத்து நடந்த பல வீடுகளில் சுவர் இடிந்திருக்கும், ஜன்னல் பறந்திருக்கும், சிலிண்டர் மட்டும் முழுசாக நின்றுகொண்டிருக்கும். அங்கே வெடித்தது சிலிண்டரிலிருந்து கசிந்து அறைக்குள் தேங்கிய வாயு. சிலிண்டரே வெடிப்பது, வெளியில் பிடித்த தீ அதைத் தொடர்ந்து சுட்டு, உள்ளே அழுத்தம் எல்லை மீறும்போது நடக்கிறது.

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அதில் ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றில் இந்த வாயு சுமார் 2 சதவீதம் முதல் 9 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதற்குக் குறைந்தால் பற்றாது. அதிகமாக இருந்தாலும் பற்றாது. ஆனால் கதவைத் திறந்து காற்று உள்ளே வரவர அதுவும் பற்றும் அளவுக்கு இறங்கி வந்துவிடும்.

இன்னொரு குணத்தையும் மனதில் வைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையில் கொட்டிய தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் பார்த்து ஓடும். மேடைக்கு அடியிலும், அலமாரிக்குள்ளும், கழிவுநீர்த் துவாரத்திலும் தேங்கும். பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் பல விதிகளுக்குக் காரணம் இந்த ஒரு குணம்தான்.

சந்தேகம்: கேஸுக்கு அந்த வாடை இயற்கையாகவே உண்டா? சிலிண்டர் தீரும் சமயத்தில் வாடை அதிகமாக வருகிறதே, அது கசிவா?

விளக்கம்: சுத்தமான எரிவாயுவுக்குச் சொல்லும்படியான வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். அழுகிய முட்டைகோஸ் போன்ற அந்த நாற்றம் அதனுடையது. 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரிலிருந்த பள்ளிக்கூடத்தில், வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். எரிவாயுவில் வாடை சேர்ப்பது கட்டாயமானதற்கு அந்த விபத்து முக்கியக் காரணம்.

வாயு, பற்றும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான் இந்த வாடை சேர்க்கப்படுகிறது. ஆகவே, லேசாக வாடை வருகிறது என்றால் அறை வெடிக்கப் போகிறது என்று பதற வேண்டியதில்லை. சரியாக நடந்துகொள்ள நேரம் இருக்கிறது.

சிலிண்டர் தீரும் சமயத்தில் வாடை கொஞ்சம் தூக்கலாக வருவது உண்மைதான். வாடைப்பொருள் வாயுவைவிட மெதுவாக ஆவியாவதால், கடைசியில் மிஞ்சும் திரவத்தில் அதன் பங்கு கூடுகிறது. அந்த வாடை அடுப்பு எரியும்போது மட்டும் வரும். அடுப்பு அணைந்திருக்கும்போதும் வாடை வந்தால் அது கசிவு. ‘தீரப் போகிறது போல’ என்று விட்டுவிடக் கூடாது.

மூக்கை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகிப்போய், வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றும். சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்கள் பலருக்கும் வாடை சரியாகத் தெரியாது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வருபவர், ‘என்ன, கேஸ் வாடை அடிக்கிறதே’ என்றால் அவர் சொல்வதை நம்புங்கள்.

சந்தேகம்: பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, கவனிக்கவில்லை. எவ்வளவு நேரத்தில் அது ஆபத்தாகும்?

விளக்கம்: ஒரு சமையலறையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளம் 8 அடி, அகலம் 8 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 18,000 லிட்டர். பெரிய பர்னரை முழுதாகத் திறந்து வைத்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் வெளியேறும். வாயுவாக அது 70 லிட்டர் அளவில் இருக்கும். தீ எரிந்தாலும் அணைந்தாலும் குமிழ் திறந்திருக்கும்வரை அதே அளவுதான் வரும்.

அறை முழுவதும் 2 சதவீதம் கலக்க 360 லிட்டர் வேண்டும். அந்தக் கணக்கில் 5 மணி நேரம் ஆகும். பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால், கேஸ் அறை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. காற்றோட்டம் இல்லாவிட்டால் பெரும்பகுதி கீழேயே தங்கும். தரையிலிருந்து 2 அடி உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அங்கே இருக்கும் காற்று 3,600 லிட்டர். அதில் 2 சதவீதம் என்பது வெறும் 72 லிட்டர். அதாவது, ஏறக்குறைய ஒரே மணி நேரத்தில் நம் முழங்கால் உயரத்தில் பற்றிக்கொள்ளும் காற்று தயாராகிவிடுகிறது. நின்றுகொண்டிருப்பவரின் மூக்கு இருக்கும் உயரத்தில் அப்போதும் வாடை லேசாகத்தான் இருக்கலாம்.

இது தோராயக் கணக்கு. ஜன்னல், கதவு திறந்திருந்தால் நேரம் கூடும். மூடிய அலமாரிக்குள் கசிந்தால் வெகுவாகக் குறையும். பர்னரில் போகாமல் குழாயே கழன்றுவிட்டால் பல மடங்கு வேகத்தில் கேஸ் கொட்டும். நம் வீடுகளில் அந்த முழங்கால் உயரத்தில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று ஒரு முறை பாருங்கள். சமையலறை மூலையிலேயே சாமி படத்தின் முன்னால் எரியும் விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

சந்தேகம்: வாடை வந்தால் வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

விளக்கம்: முதலில், எரியும் எதையும் அணைக்க வேண்டும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மின்சார சுவிட்சுகளை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்து, அடுப்பின் குமிழ்களை மூடி, சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி நிறுத்துங்கள். குழாயிலோ அடுப்பிலோ கசிவு இருந்தால் இத்துடன் நின்றுவிடும்.

மூன்றாவது, கதவுகளைத் திறக்க வேண்டும். பலர் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். கேஸ் தரையோடு இருப்பதால், அது வெளியேறக் கதவுதான் நல்ல வழி. வெளியே போகும் கதவையும் பின்கட்டுக் கதவையும் முதலில் அகலத் திறங்கள். பிறகு ஜன்னல்களைத் திறங்கள்.

நான்காவது, ரெகுலேட்டரை நிறுத்திய பிறகும் சிலிண்டர் தலைப்பகுதியிலிருந்து ‘உஸ்’ என்ற சத்தமோ வாடையோ வந்தால், கசிவு சிலிண்டரின் வால்வில் இருக்கிறது என்று பொருள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, நைலான் கயிற்றில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை வால்வின் மேல் வைத்து ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள். கசிவை நிறுத்துவதற்காகவே தரப்பட்ட மூடி அது. சிலிண்டர் மாட்டியதும் கயிற்றோடு அறுத்துக் குப்பையில் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிலிண்டர் காலியாகித் திரும்பிப் போகும்வரை அது சிலிண்டரின் கைப்பிடியிலேயே தொங்கட்டும்.

கடைசியாக, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் போன்.

இந்த வரிசை, வாடை லேசாக இருக்கும்போது பின்பற்ற வேண்டியது. வீடு முழுக்க வாடை மண்டிக்கிடந்தாலோ, கேஸ் சீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலோ ரெகுலேட்டரைத் தேடிப் போக வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, போகிற வழியிலுள்ள கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

சந்தேகம்: லைட்டைப் போடக் கூடாது, சரி. எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது என்கிறார்களே, ஏன்?

விளக்கம்: சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டால் மின்சாரம் பாயும், விலகினால் நிற்கும். தொடும் நொடியிலும் விலகும் நொடியிலும் இடையில் ஒரு சிறு பொறி பறக்கும். இரவில் லைட்டை அணைக்கும்போது சுவிட்சுக்குள் நீலமாக ஏதோ மின்னுவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். அதுதான் இந்தப் பொறி. போடுவதற்கும் அணைப்பதற்கும் இதில் வித்தியாசம் இல்லை. எரியும் லைட் எரியட்டும், ஓடும் ஃபேன் ஓடட்டும். பிளக்கைப் பிடுங்கவும் வேண்டாம்.

ஃபிரிட்ஜ் மட்டும் நம்மைக் கேட்காமல் தானே நின்று தானே ஓடும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பொறி வரக்கூடும். ‘எந்த சுவிட்சையும் தொடவில்லை, உள்ளேயே இருந்து வாடை போகட்டும் என்று பார்க்கிறேன்’ என்று நிற்பது சரியில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். மின் மீட்டரும் மெயின் சுவிட்சும் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால், வெளியே வந்த பிறகு மெயினை அணைக்கலாம். வீட்டுக்குள் இருந்தால் அதையும் தொடக் கூடாது.

காலிங் பெல்லையும் மறக்காதீர்கள். பக்கத்து வீட்டில் வாடை வருகிறது என்று சொல்லப் போகிறவர் பழக்கத்தில் பெல்லைத்தான் அழுத்துவார். கதவைத் தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். செல்போனைப் பொறுத்தவரை, அதிலிருந்து பொறி வரும் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் உள்ளே நின்று பேசுவதில் நேரம் போகும். வெளியே வந்தே பேசுங்கள்.

சந்தேகம்: யாரைக் கூப்பிட வேண்டும்? எப்போது மீண்டும் உள்ளே போகலாம்?

விளக்கம்: கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற அவசர உதவி எண் நாடு முழுவதும் உண்டு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் 24 மணி நேரமும் இதில் அழைக்கலாம். ஏஜென்சி மூடியிருக்கும் இரவு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த எண்தான் கைகொடுக்கும். தீப்பிடித்திருந்தால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கீழ் வீட்டுக்காரர்களுக்கு முதலில் சொல்லுங்கள். மேல் தளத்தில் கசிந்த கேஸ் படிக்கட்டு வழியாகவும் குழாய்த் துவாரங்கள் வழியாகவும் கீழேதான் இறங்கும். இறங்குவதற்கு லிஃப்டைப் பயன்படுத்தாமல் படியில் இறங்குங்கள்.

வாடை முழுவதும் போன பிறகும், கசிவு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்தச் சிலிண்டரில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது வாடை அடித்தால், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு விலகி வந்து போன் செய்யுங்கள், உள்ளே போகாதீர்கள். ஊருக்குப் போய்விட்டு இரவில் திரும்புகிறவர்களின் கை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவிட்சுக்குத்தான் போகும். ஆகவே, வாசலில் ஒரு நொடி நின்று வாடை பார்த்துவிட்டு உள்ளே போகிற பழக்கம் நல்லது.

சந்தேகம்: ரெகுலேட்டர் பக்கமோ குழாயிலோ தீப்பிடித்து எரிந்தால் என்ன செய்வது?

விளக்கம்: கை எட்டும் தூரத்தில் சிறிய தீயாக இருந்தால், ஒரு பருத்தித் துண்டையோ போர்வையையோ தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து நெருங்கி, சிலிண்டரின் தலைப்பகுதியில் அதைப் போட்டு மூடி, மூடிய கையோடு ரெகுலேட்டரைத் திருகி நிறுத்துங்கள். காற்று போகாமல் தீ அணையும், கேஸும் நிற்கும். நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை எடுக்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தீயை அணைப்பதும் கேஸை நிறுத்துவதும் ஒன்றாக நடக்க வேண்டும். கேஸை நிறுத்த முடியாமல் தீயை மட்டும் அணைத்துவிட்டால், அது எரியாமல் அறையில் பரவத் தொடங்கும். முன்பிருந்ததைவிட அது பெரிய ஆபத்து. ரெகுலேட்டரை நெருங்க முடியவில்லை, அல்லது தீ சிலிண்டரின் உடம்பைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் எல்லோரும் விலகிப் போய்விட வேண்டும். சிலிண்டரே வெடிக்கும் அபூர்வமான நிலை அதுதான். மற்றதைத் தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சந்தேகம்: புதுச் சிலிண்டர் வரும்போது எடையைத் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

விளக்கம்: சீல் பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எடைக்கு, சிலிண்டர் மேல் எழுதியுள்ள காலிச் சிலிண்டர் எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். காலி எடை 15.8 கிலோ என்றிருந்தால் முழு எடை 30 கிலோ வர வேண்டும். எடை போடும் தராசு கொண்டுவருபவரிடமே இருக்கும். கேட்டுப் போடச் சொல்லலாம்.

பாதுகாப்புக்கு முக்கியமானது, மேல்வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் இருக்கும் எழுத்தும் எண்ணும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன், C என்றால் ஜூலை முதல் செப்டம்பர், D என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்திலுள்ள எண் ஆண்டு. ‘B 28’ என்றிருந்தால் 2028 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். அந்தத் தேதி வந்ததும் சிலிண்டர் வெடித்துவிடும் என்று பரவும் பேச்சு தவறு. ஆனால் தேதி கடந்த சிலிண்டர் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. வந்தால் வேறு கேட்டு வாங்குங்கள்.

பிறகு, மூடியைக் கழற்றச் சொல்லி வால்வுக்குள் பாருங்கள். கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் தெரியும். வாஷர் என்று நாம் சொல்வது இதைத்தான். ரெகுலேட்டர் வந்து இறுக உட்காருவது இதன்மேல். இது இல்லாவிட்டாலோ, வெடித்தோ நைந்தோ இருந்தாலோ ரெகுலேட்டர் மாட்டியதும் பக்கவாட்டில் கேஸ் வரும். கொண்டுவருபவர் வால்வு வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது, ரெகுலேட்டர் மாட்டாதபோது வால்வே கசிகிறதா என்று அறிய. அவர் அவசரத்தில் இருந்தாலும் இந்த இரண்டையும் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே அனுப்புங்கள். குறை தெரிந்தால் வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

சிலிண்டர் மாற்றும்போது வீட்டில் விளக்கு, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. ரெகுலேட்டர் நிறுத்திய நிலையில் இருக்க வேண்டும்.

சந்தேகம்: கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கம்: தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அந்த முறையை உடனே விட்டுவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் போதும்.

அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு ஸ்பூன் விட்டு நுரை வரக் கலக்குங்கள். அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். நுரையை விரலிலோ பழைய பிரஷ்ஷிலோ தொட்டு, ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடம், ரெகுலேட்டரில் குழாய் நுழையும் இடம், அடுப்பில் குழாய் நுழையும் இடம் ஆகிய மூன்றிலும் பூசுங்கள். பிறகு குழாயின் நீளம் முழுவதும் தடவிக்கொண்டு வாருங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பூசிய நுரை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினால் நல்லது. ஒரே இடத்தில் புதிது புதிதாகக் குமிழி ஊதிக்கொண்டு வந்தால் அங்கே கசிகிறது. ரெகுலேட்டரை நிறுத்திவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அடுப்புப் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புகளிலும் குமிழின் உட்பகுதியிலும் கசிந்தால் இதில் தெரியாது. வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனால் ரெகுலேட்டரைத் திறந்தால் அடுப்பருகே வாடை வருகிறது என்றால் கோளாறு அடுப்புக்குள் இருக்கிறது. அதை ஏஜென்சியின் மெக்கானிக் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

குழாயைப் பொறுத்தவரை, உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் வைத்த ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ குழாயையே ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். அதன்மேல் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் 5 ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும். அழகுக்காகவோ எண்ணெய்ப் பிசுக்கு படாமல் இருக்கவோ துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றாதீர்கள். எலி கடித்ததும் வெடிப்பு விழுந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குழாயை வளைத்துப் பார்த்தால் மெல்லிய கோடுகளாக வெடிப்பு தெரிகிறது என்றால் ஆண்டுக் கணக்கைப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள்.

சந்தேகம்: சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடி வைத்திருக்கிறோம். அது தவறா?

விளக்கம்: கதவின் அடிப்பக்கத்தில் காற்றுப் போக இடைவெளி இல்லாவிட்டால் தவறுதான். மூடிய அந்தச் சிறிய இடத்தில் மிகக் குறைந்த கசிவும் சீக்கிரம் ஆபத்தான அளவை எட்டும்; வாடையும் வெளியே தெரியாது. துவாரங்கள் கதவின் மேற்பகுதியில் இருந்து பயனில்லை. தரையை ஒட்டி இருக்க வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில், மேடை மேல் இருக்க வேண்டும். சிலிண்டரையும் அடுப்பையும் தரையில் அருகருகே வைத்துச் சமைக்கக் கூடாது. கசிகிற கேஸ் தரையோடு நேராகத் தீயிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

கேஸ் தீரும் சமயத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைப்பதும், சுடுதண்ணீரில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். அது குழாயில் விரிந்து, பர்னரில் திடீரென்று பெருந்தீயாக எழும்பும்.

கசிவை உணர்த்தும் அலாரம் கருவி வாங்குகிறவர்கள் அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பொருத்த வேண்டும். புகை அலாரம் போல மேலே மாட்டினால், அது ஒலிப்பதற்குள் கீழே பாதி அறை நிரம்பியிருக்கும்.

சந்தேகம்: தினமும் இரவு ரெகுலேட்டரை மூடத்தான் வேண்டுமா?

விளக்கம்: ஆம். ரெகுலேட்டர் திறந்திருக்கும்வரை குழாய் முழுவதும் கேஸ் நிற்கிறது. எலி கடித்தாலும், குமிழ் சரியாக மூடாவிட்டாலும், இரவு முழுவதும், அதுவும் கதவு ஜன்னல் சாத்திய வீட்டில், கசிந்துகொண்டே இருக்கும். ரெகுலேட்டரை மூடிவிட்டால் கசிவதற்குக் குழாயில் மிஞ்சிய சொற்ப வாயு மட்டும்தான் இருக்கும். சிலர் அடுப்பு எரியும்போதே ரெகுலேட்டரை மூடி, குழாயில் இருப்பது எரிந்து தீர்ந்த பிறகு அடுப்புக் குமிழை மூடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் தீ தானாக அணைந்துவிடுவதால் குமிழை மூட மறந்துவிடும் அபாயம் இருக்கிறது. அப்படி மறந்துவிட்டு, காலையில் ரெகுலேட்டரைத் திறந்தால் பர்னர் வழியாகக் கேஸ் வந்துகொண்டிருக்கும். ஆகவே, ரெகுலேட்டரைத் திறக்கும் முன் எல்லாக் குமிழ்களும் மூடியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சோப்புத் தண்ணீர் கலக்கி மூன்று இணைப்புகளையும் சோதியுங்கள். குழாயின் மேல் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், குழந்தைகளையும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் சேர்த்து, ரெகுலேட்டரை ஒரு முறை தங்கள் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள். கசிவு ஏற்படும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும், சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடவும், கதவைத் திறக்கவும், வெளியே வந்து 1906-ஐ அழைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.